இறுதி இயலில் குறைகளை எவ்வளவு வெளிப்படையாக எழுதினீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

வெண்பலகை

முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வு இதுதான்: ஒரே பள்ளி, ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 34 மாணவர்கள். ஒரு பிரிவுக்குக் காகிதப் பட்டைகளை மடித்தும் வெட்டியும் ஆறு வாரம் பின்னங்கள் கற்பிக்கப்பட்டன. மற்றதற்கு வழக்கமான முறை. 40 மதிப்பெண் பின்தேர்வில் பட்டைப் பிரிவின் சராசரி 25.8, மற்றதன் சராசரி 21.6. வேறுபாடு 0.05 நிலையில் குறிப்பிடத்தக்கது.

பட்டைப் பிரிவுக்குப் பாடம் எடுத்தது நான். மற்றப் பிரிவுக்கு எடுத்தவர் அந்தப் பள்ளியின் கணித ஆசிரியர். வரைவில் இதைக் குறைபாடாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். வழிகாட்டி அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, ஓரத்தில் "ஒரு பள்ளி, சிறிய மாதிரி, குறைந்த காலம். இது போதும்" என்று எழுதிவிட்டார். நேரில் கேட்டேன். "குறையை நாமே எடுத்துக் கொடுத்தால் புறத்தேர்வாளர் அதையே பிடித்துக்கொள்வார் அம்மா" என்றார்.

அவர் சொன்ன மூன்றும் எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் இருப்பவை. வாய்மொழித் தேர்வில் உங்களுக்கு என்ன நடந்தது?

மூன்றாம்மேசை

வழிகாட்டி சொன்னபடி செய்யுங்கள். என் ஆய்வேட்டில் அந்த மூன்று வரிகள்தான் இருந்தன, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆசிரியர் வேறுபாடு உங்களை உறுத்தினால் அன்கோவா செய்துவிடுங்கள். முன்தேர்வு மதிப்பெண்ணைச் சரிக்கட்டிவிட்டால் இரண்டு பிரிவுகளும் சமநிலைக்கு வந்துவிடும். மாதிரியை 200 ஆக்கியிருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது.

பழையதேர்வாளர்

முன்தேர்வைச் சரிக்கட்டுவது நல்ல வேலைதான், அதைச் செய்ய வேண்டும். ஆனால் அது சரிசெய்வது மாணவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்பதை மட்டுமே. ஆறு வாரமும் வகுப்பில் நின்றவர் யார் என்பதை எந்தக் கணக்கும் சரிசெய்யாது. ஒரு முறைக்கு ஒரு ஆசிரியர், ஒரு பிரிவு என்று இருக்கும்போது முறையும் ஆசிரியரும் ஒட்டிப் பிறந்தவர்கள். பிரிவுக்கு நூறு மாணவர்களைச் சேர்த்தாலும் ஆசிரியர்கள் இருவர்தாம், பிரிவுகள் இரண்டுதாம்.

அந்த 68 என்ற எண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் ஒருவரைப் போல ஒருவர் ஆகிவிடுகிறார்கள். மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வகுப்பைச் சார்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பள்ளி ஆய்வுகளில் இது நடக்கக்கூடிய அளவுதான். 34 பேர் கொண்ட பிரிவில் இதனால் சராசரியின் மாறுபாடு பெருகும் மடங்கு, அதாவது பெருக்கம், 1 + 33 × 0.2 = 7.6. 68 பேரை அதால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 9. தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 9 பேர் தரும் தகவலைத்தான் உங்கள் 68 பேர் தருகிறார்கள். டி-சோதனை இதை அறியாமல் 68 என்றே எண்ணிவிடுகிறது. "சிறிய மாதிரி" என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் சொல்ல வேண்டியது இதுதான், ஆனால் சொல்வதில்லை.

தேர்வாளராக நான் குறைபாட்டுப் பகுதியில் தேடுவது ஒன்றே ஒன்று: இந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்? "ஒரே பள்ளியில் நடந்தது" என்பதற்குத் திசை கிடையாது. "சோதனைக் குழுவுக்கு ஆய்வாளரே கற்பித்தார், அவருக்கு இந்த முறை வெற்றி பெற வேண்டும் என்ற ஆவல் இருந்தது, எனவே கிடைத்த வேறுபாடு முறையின் உண்மையான பயனைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம்" என்பதற்குத் திசை உண்டு. இப்படி எழுதியவரிடம் நான் அதையே திரும்பக் கேட்பதில்லை. மறைத்தவரிடம்தான் முதல் கேள்வியாகக் கேட்பேன்.

பின்தேர்வு வினாக்களை யார் தயாரித்தார்கள், வெண்பலகை?

அவசரத்தில்இருப்பவர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பரிந்துரைகள் குறைந்தது எத்தனை இருக்க வேண்டும்? எங்கள் துறையில் பத்து என்கிறார்கள். என்னிடம் ஆறு இருக்கிறது. "பெற்றோர் ஊக்குவிக்க வேண்டும்", "நூலகத்தை மேம்படுத்த வேண்டும்" என்று இரண்டைச் சேர்த்தால் எட்டு ஆகும்.

மடிப்புக்குறிப்பு

எனக்குத் தெரிந்து எண்ணிக்கைக்கு விதி கிடையாது. உங்கள் ஆய்வு நூலகத்தைப் பற்றியதா?

இனி என் கதை. என்னுடையது நேர்காணல் ஆய்வு, 11 ஆசிரியர்கள். ஒரு தேர்வாளர் "முடிவுகளைப் பொதுமைப்படுத்த முடியாது என்பதைக் குறைபாடாகச் சேருங்கள்" என்று விடாப்பிடியாக நின்றார். 11 பேரோடு ஆழமாகப் பேசுவேன் என்று முதல் இயலிலேயே சொல்லிவிட்டேன். தலைக்கணக்கை வைத்து எல்லோருக்கும் பொருத்துவது என் நோக்கமே இல்லை. செய்யப் புகாத வேலையைச் செய்யவில்லை என்று ஏன் வருந்த வேண்டும்?

அதே ஆய்வில் வேறொரு உண்மையான குறை இருந்தது, அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அந்த 11 பேரில் எட்டுப் பேர் நான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியைச் சேர்ந்தவர்கள். "நிர்வாகத்தால் சுமை கூடுகிறதா" என்று நிர்வாகமே கேட்டால் என்ன பதில் வரும்? எட்டுப் பேரும் சுமை இல்லை என்றார்கள். வெளியிலிருந்து வந்த மூவரும் அரை மணி நேரம் புலம்பினார்கள். இறுதி இயலில் இதை அப்படியே எழுதினேன்: நிர்வாகச் சுமை பற்றிய கண்டறிதலில் எட்டுப் பேரின் மறுப்பைச் சுமை இல்லை என்பதற்கான சான்றாகக் கொள்ள இயலாது. அந்தக் கண்டறிதலின் மேல் எந்தப் பரிந்துரையும் வைக்கவில்லை.

வெண்பலகை

ஐயா, வினாத்தாள் நான் தயாரித்ததுதான். பாட வல்லுநர்கள் பார்த்துச் சரி சொன்னார்கள், நம்பகத்தன்மைக் கெழு 0.81. நீங்கள் கேட்ட பிறகு தாளை எடுத்து மறுபடி படித்தேன். 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். அவற்றில் எட்டில் பட்டைப் படம் இருக்கிறது. பட்டையில் நிழலிட்ட பகுதியைப் பின்னமாக எழுதுக, எந்தப் பட்டை பெரியது, இப்படி. மற்றப் பிரிவுப் பிள்ளைகள் அந்தப் படத்தையே தேர்வு நாளில்தான் முதன்முறை பார்த்திருப்பார்கள்.

பழையதேர்வாளர்

0.81 சொல்வது வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை. இரண்டு பிரிவுக்கும் அவை நியாயமானவையா என்பதை அது சொல்லாது. அந்த எட்டையும் மீதிப் பன்னிரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். விடைத்தாள்கள் இருக்கின்றன அல்லவா?

வெண்பலகை

கூட்டிப் பார்த்துவிட்டேன். படம் உள்ள எட்டு வினாக்களில் என் பிரிவு 11.4, மற்றது 8.3. படம் இல்லாத பன்னிரண்டில் என் பிரிவு 14.4, மற்றது 13.3. ஆக 4.2 வேறுபாட்டில் 3.1 அந்த எட்டு வினாக்களிலிருந்தே வந்திருக்கிறது. மீதி 1.1 குறிப்பிடத்தக்கதாக இல்லை.

"எல்லாப் பள்ளிகளிலும் இம்முறையை நடைமுறைப்படுத்த வேண்டும்" என்பதுதான் என் வரைவின் முதல் பரிந்துரை. இதை வைத்துக்கொண்டு அதை எப்படி எழுதுவது?

மூன்றாம்மேசை

இதை எழுதினால் ஆய்வே தோற்றுவிட்டது என்று ஆகாதா? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வானேன்?

பழையதேர்வாளர்

தோற்கவில்லை. பட்டையோடு பழகிய பிள்ளைகள் பட்டை வடிவில் கேட்டால் நன்றாகச் செய்கிறார்கள். எண்களாக மட்டும் கேட்டால் அந்த நன்மை தெளிவாகத் தெரியவில்லை. இது "பட்டை முறை சிறந்தது" என்பதைவிட ஒரு ஆசிரியருக்கு அதிகம் பயன்படும் செய்தி. படத்திலிருந்து எண்ணுக்குக் கடக்கும் இடத்தில் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கலாம் என்று உங்கள் கல்விசார் தாக்கத்தை எழுதலாம். "இருக்கலாம்" என்பதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, 1.1 குறிப்பிடத்தக்கதல்ல என்பதால் "பயனே இல்லை" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. இவ்வளவு சிறிய ஆய்வில் உண்மையான சிறு பயன் கண்ணில் படாமலே போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் பிரிப்பு நான்காம் இயலுக்குப் போக வேண்டும். கடைசி இயலில் புதிய எண் எதுவும் முளைக்கக் கூடாது. அடுத்தது, பிரித்துப் பார்க்கும் எண்ணம் முடிவுகளைக் கண்ட பிறகு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முன்பே கருதுகோளாக வைத்திருந்ததைப் போல எழுதினால் அது ஒரு குறையை மறைத்து இன்னொரு குறையை வாங்குவது.

பரிந்துரைகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் கண்டறிதலிலிருந்து வந்தது என்று பென்சிலால் எண்ணைக் குறித்துப் பாருங்கள். எண் கிடைக்காததை எடுத்துவிடலாம். அவசரத்தில் இருப்பவரின் நூலகமும் பெற்றோரும் இதில் போய்விடும், வருத்தம்தான்.

அவசரத்தில்இருப்பவர்

குறித்துப் பார்த்தேன். ஆறில் நான்குதான் தேறியது. இப்போது நிலைமை முன்பைவிட மோசம்.

மடிப்புக்குறிப்பு

மேலாய்வுக்கான பரிந்துரையையும் கவனியுங்கள், வெண்பலகை. "இதே ஆய்வை வேறு வட்டாரத்தில் பெரிய மாதிரியில் செய்யலாம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் ஆய்வில் அதைச் செய்தால் அதே குறை பெரிய அளவில் திரும்ப வரும். இரண்டு ஆசிரியர்கள், நான்கு பிரிவுகள், ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு பிரிவுக்குப் பட்டை முறையிலும் இன்னொன்றுக்கு வழக்கமான முறையிலும் கற்பிப்பது என்று எழுதினால், அடுத்து வருபவருக்கு ஆசிரியரையும் முறையையும் பிரிக்க ஒரு வழி கிடைக்கும். பின்தேர்வையும் வெளியார் ஒருவர் தயாரிக்கட்டும்.

பழையதேர்வாளர்

நல்ல வடிவம். ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு முறையிலும் கற்பித்தால் ஒன்று மற்றதற்குள் கசியும். பட்டையில் பார்த்த உதாரணத்தை அடுத்த பிரிவிலும் சொல்லிவிடுவார். அதனால் வகுப்புகளைப் பார்வையிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

வெண்பலகை

திருத்திய இயலை வழிகாட்டியிடம் கொடுத்தேன். வினாக்களைப் பிரித்த அட்டவணையை நான்காம் இயலில் சேர்க்க ஒப்புக்கொண்டார், அதை அவரே விரும்பினார் என்றுகூடத் தோன்றியது. முதல் பரிந்துரை இப்போது இப்படி இருக்கிறது: "பின்னங்களின் அளவை ஒப்பிடும் தொடக்கப் பாடங்களில் காகிதப் பட்டைகளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். எண் வடிவக் கணக்குகளில் இதன் பயன் இவ்வாய்வில் உறுதிப்படவில்லை." இதற்கும் சம்மதித்தார்.

நான் கற்பித்தேன் என்ற பத்தியில்தான் இன்னும் இழுபறி. இரண்டாம் இயலின் செயல்முறைப் பகுதியில் "ஆய்வாளர் கற்பித்தார்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதுவே போதும் என்கிறார். கடைசி இயலில் திசையோடு எழுத வேண்டும் என்று நான் கேட்கிறேன். அடுத்த வாரம் மறுபடி சந்திக்கிறோம்.

மூன்றாம்மேசை

நான் இன்னும் வழிகாட்டி பக்கம்தான். ஆனால் அந்த 9 கணக்கு தூங்க விடவில்லை. என் ஆய்வில் பிரிவுக்கு 40 பேர், அதே 0.2-ஐப் போட்டால் பெருக்கம் 8.8 வருகிறது. சரிதானா ஐயா?

பழையதேர்வாளர்

சரிதான். 80 பேர் என்றால் உங்களுக்கும் 9தான்.