'மட்டும்' இடம் மாறினால் பிழையா, வேறு பொருளா?

தலவாக்கலை அம்மா:
மகள் இந்த வருசம் ஓ.எல். எழுதுகிறாள். "ஷி ஒன்லி ப்ளக்ட் டென் கிலோஸ்" என்று எழுதியதற்கு டியூஷனில் பிழை போட்டிருக்கிறார்கள். "ஷி ப்ளக்ட் ஒன்லி டென் கிலோஸ்" என்றால்தான் சரியாம். ஒரு சொல் இடம் மாறினால் வாக்கியமே பிழையாகிவிடுமா? ஆல்மோஸ்ட், ஈவன் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தானா?

பதுளை சேர்:
பிழைதான். ஒன்லி எதைக் குறிக்கிறதோ அதற்கு நேர் முன்னால் நிற்க வேண்டும். பிள்ளை எழுதியபடி பார்த்தால், அவள் பத்து கிலோவைப் பறிக்க மட்டும் செய்தாள், தராசுக்குக் கொண்டு போகவில்லை என்றாகிறது. வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை.

பண்டாரவளை மொழிபெயர்ப்பு:
சேர், அந்த வாக்கியத்தைக் கேட்டு "ஐயோ, கொழுந்தை மலையிலேயே போட்டுவிட்டு வந்தாளா" என்று யாராவது கேட்பார்களா? ஆங்கிலக்காரர்கள் சாதாரணமாக ஒன்லியை வினைக்கு முன்னால்தான் வைக்கிறார்கள். எதைக் குறிக்கிறது என்பதைக் குரல் காட்டிவிடும். 'டென்' என்பதை அழுத்திச் சொன்னால் பத்துதான், கூட இல்லை. 'ப்ளக்ட்' என்பதை அழுத்தினால்தான் நீங்கள் சொல்லும் பொருள் வரும். இது இன்றைய சோம்பேறித்தனமும் இல்லை. இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திருத்துகிறவர்களை, ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர் 1926-இலேயே கண்டித்துவிட்டார். ஒருவர் ஒரு வாரத்துக்கு முன்தான் இறந்தார் என்பதைச் சொல்ல, "ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ" என்பதே இயல்பு என்று வாதாடினார்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. வினைக்கு முன் நிற்கும் ஒன்லி தனக்குப் பின்னால் வருவதில் எதை வேண்டுமானாலும் பிடிக்கும். முன்னால் நிற்கும் எழுவாயைப் பிடிக்காது. "ஒன்லி ஷி ப்ளக்ட் டென் கிலோஸ்" என்றால் மற்ற யாரும் பத்து கிலோ பறிக்கவில்லை என்று பொருள். அந்தப் பொருளை மகள் எழுதியபடி எழுதிக் கொண்டுவர முடியாது. அங்கே இடம் மாறினால் பொருள் நிச்சயம் மாறும்.

வவுனியா பெரியப்பா:
எங்கள் பக்கம் "இந்த ரயில் நானுஓயா மட்டும் போகும்" என்றால் நானுஓயா வரைக்கும் என்று அர்த்தம். அதைக் கேட்டு இந்தியாவில் இருந்து வந்த ஒரு பையன், ரயில் நடுவில் எங்கேயும் நிற்காதோ என்று பயந்துவிட்டான். மட்டும் என்ற சொல்லே குழப்பம்தான், தங்கச்சி. அது எங்கே நின்றால் என்ன?

செக்ரோல் தம்பி:
பெரியப்பா, அது வேறு மட்டும். அக்கா கேட்டது வேறு.

ஆனால் தமிழில் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை நான் தோட்டத்து நோட்டீஸில் பார்த்திருக்கிறேன். எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. நோட்டீஸில் இருந்தது இது: "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்றரைப் பேர் போடப்படும்." பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். ஞாயிறு வேலைக்கு வருபவர்களுக்கு மட்டும் என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறார்கள். எழுதியதோ ஞாயிறு தவிர மற்ற நாளில் வராதவர்களுக்கு என்று. "அப்போ திங்கள் முதல் சனி வரைக்கும் மலை ஏறுகிற எங்களுக்கு இல்லையா" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதே சொல்லை வாக்கியத்தில் நகர்த்திப் பாருங்கள். "வேலைக்கு மட்டும் வருபவர்களுக்கு" என்றால் கோயில் கூட்டத்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் வராதவர்கள் என்று ஆகிவிடும். "ஒன்றரைப் பேர் மட்டும் போடப்படும்" என்றால் ரெண்டு பேர் கேட்காதே என்று பொருள். எதுவும் இலக்கணப் பிழை இல்லை. சம்பளம்தான் மாறுகிறது.

பதுளை சேர்:
பார்த்தீர்களா! தமிழில் இவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது ஆங்கிலத்துக்கும் அதே ஒழுங்கைக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

பண்டாரவளை மொழிபெயர்ப்பு:
தமிழில் 'மட்டும்' என்பது ஒரு சொல்லின் பின்னால் போய் உட்காரும், அதனால் அலைய முடியாது. ஆங்கிலத்தில் அது தனியாக நிற்கும் சொல். ஒன்றின் சட்டத்தை மற்றதன் மேல் போட முடியாது, சேர்.

தமிழிலும் எல்லாம் தெளிவு இல்லை. "அக்காவின் கூடை மட்டும் நிறைந்தது" என்றால் மற்றப் பெண்களின் கூடை நிறையவில்லையா, அக்காவின் கூடை நிறைந்து அவளுடைய சாக்கு நிறையவில்லையா? ரெண்டும் வரும். எழுத்தில் வேறுபாடு இல்லை, பேசும்போது எதை அழுத்துகிறோம் என்பதுதான் சொல்லும். பறித்தாள் என்ற வினையைக் கட்டுப்படுத்த நினைத்தால் "பறித்தாள் மட்டும்" என்று முடிக்கவே முடியாது. "பறிக்க மட்டும் செய்தாள்" என்று வாக்கியத்தையே மாற்ற வேண்டும். சேர் முதலில் எழுதியதும் அப்படித்தானே?

ஆங்கிலத்தில் எழுதும்போது எப்போது கவனம் வேண்டும் என்றால், வினையும் அதன் பின்வருவதும் ரெண்டுமே பொருந்தும் இடத்தில். "ஷி ஒன்லி வாஷ்ட் த கப்ஸ்" என்றால் கோப்பையைக் கழுவினாள், துடைக்கவில்லை என்றும் கொள்ளலாம். கோப்பை மட்டும், தட்டு இல்லை என்றும் கொள்ளலாம். அங்கே ஒன்லியைக் 'கப்ஸ்' பக்கம் நகர்த்துவது நல்லது. பத்து கிலோவில் அந்த ஆபத்து இல்லை.

தலவாக்கலை அம்மா:
சரி, ஆல்மோஸ்ட்?

பண்டாரவளை மொழிபெயர்ப்பு:
அதில்தான் சேரோடு நான் முழுதாக ஒத்துப்போவேன். "ஐ ஆல்மோஸ்ட் லாஸ்ட் ஆல் த மணி" என்றால் பணம் போக இருந்தது, போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "ஐ லாஸ்ட் ஆல்மோஸ்ட் ஆல் த மணி" என்றால் பெரும்பகுதி போயே போய்விட்டது. இங்கே நடந்ததா இல்லையா என்பதே மாறுகிறது, அழுத்திச் சொல்லிச் சமாளிப்பது கஷ்டம். தமிழில் இந்தச் சிக்கல் குறைவு. எண்ணுக்கும் அளவுக்கும் "கிட்டத்தட்ட" வரும், நடக்காமல் போனதற்கு வினையே மாறும்: "விழப் பார்த்தேன்", "பஸ்ஸைத் தவறவிட இருந்தேன்". இப்போது சிலர் "கிட்டத்தட்ட விழுந்துவிட்டேன்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஆங்கிலத்தை நிழல் பிடித்தது போல் இருக்கிறது.

செக்ரோல் தம்பி:
அண்ணே, நாங்கள் லயத்தில் அப்படியும்தான் பேசுகிறோம். அது தப்பு என்று சொல்ல வேண்டாம்.

ஈவனுக்குக் "கூட" என்று வைத்தால் ஒரு கூத்து இருக்கிறது. "கங்காணி கூட வந்தார்." கங்காணியே வந்துவிட்டாரா, கங்காணியோடு வேறு யாரோ வந்தார்களா?

பண்டாரவளை மொழிபெயர்ப்பு:
தம்பி, தப்பு என்று சொல்லவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கூட விசயத்தில், வேற்றுமை உருபு வந்தால் தெளிந்துவிடும். "கங்காணியைக் கூட ஏசினார்" என்றால் சந்தேகமே இல்லை. எழுவாயில்தான் வில்லங்கம், அங்கே "கங்காணியே வந்தார்" என்றோ "கங்காணியோடு வந்தார்" என்றோ பிரித்து எழுதிவிடலாம். ஆங்கில ஈவன் ஒன்லியைப் போலவேதான். வினைக்கு முன் நின்றால் பின்னால் உள்ளதைப் பிடிக்கும். எழுவாயைக் குறிக்க வேண்டுமானால் எழுவாயின் முன்னால் நிற்க வேண்டும்.

பதுளை சேர்:
நீங்கள் சொல்வதெல்லாம் பேச்சுக்குச் சரி. விடைத்தாளில் குரல் இல்லையே. திருத்துகிறவர் ஒன்லியை எண்ணுக்கு முன் எதிர்பார்த்தால் அந்தப் பிள்ளையின் மார்க் போய்விடும். நான் இன்னும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன்.

பண்டாரவளை மொழிபெயர்ப்பு:
பரீட்சைக்காக அப்படி எழுதச் சொல்லுங்கள், சேர். 'பிழை' என்று சிவப்பில் போடாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

தலவாக்கலை அம்மா:
மகளிடம் ரெண்டையும் காட்டினேன். பரீட்சையில் எண்ணுக்கு முன்னால் வைக்கிறாளாம். "ஒன்லி ஷி" என்பதையும் இப்போது தனியாக எழுதிப் பழகுகிறாள். டியூஷன் டீச்சரிடம் இதைக் கேட்கலாமா, விடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.