போட்டோவில் உள்ள மின்தடைச் சுற்று: பேட்டரியிலிருந்து வரும் மொத்த மின்னோட்டம் எவ்வளவு?

திருமங்கலம் பிளஸ் டூ
மின்னோட்டவியல் டெஸ்ட்டில் வந்த கணக்கு. தாளைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க, போனில் எடுத்த போட்டோ மட்டும்தான் இருக்கு. நடுவில் மடிப்பு விழுந்திருக்கு, அதனால் படத்தை எழுத்திலும் சொல்லிடுறேன்.

இடதுபக்கம் 12 வோல்ட் பேட்டரி. பிளஸ்ஸிலிருந்து மேல்கோட்டில் முதலில் 2 ஓம், அடுத்து 4 ஓம். இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு கம்பி இறங்கி 8 ஓமுக்குப் போகுது. 4 ஓமைத் தாண்டினால் 12 ஓமும் 6 ஓமும் கீழே இறங்குது. 8 ஓம், 6 ஓம் இரண்டின் கீழ்முனையும் அடிக்கோட்டில் சேர்ந்து பேட்டரி மைனஸுக்கு வருது. 12 ஓம் மட்டும் கொஞ்சம் மேலேயே நிக்குது. அதன் கீழ்முனையிலிருந்து ஒரு கம்பி குறுக்கே இடதுபக்கம் ஓடி, 8 ஓமுக்கு மேலே உள்ள கம்பியைக் கடந்து, பேட்டரி மைனஸில் சேருது.

2, 4 தொடரிணைப்பு, ஆக 6. 12, 6 பக்க இணைப்பு, ஆக 4. கூட்டினால் 10. அதோடு 8 பக்க இணைப்பு. 12 வோல்ட்டுக்கு 2.7 ஆம்பியர் வருது. சரியா?

மேலூர் லெவன்த் பி
இல்லக்கா. 8, 12, 6 மூணோட கீழ்முனையும் மைனஸில்தான் சேருது. அப்ப மூணும் பக்க இணைப்பு, 2.67 ஓம். அதோட 2, 4 சேர்த்தா 8.67. விடை 1.4 ஆம்பியர்.

பழங்காநத்தம் பிசிக்ஸ்
தம்பி சொன்னதில் பாதி சரி. மூன்றின் கீழ்முனையும் ஒரே இடம்தான். ஆனால் பக்க இணைப்பு என்றால் மேல்முனையும் ஒரே இடமாக இருக்கணும். 8 ஓம் தொடங்குவது 4 ஓமுக்கு முன்னால், மற்ற இரண்டும் தொடங்குவது 4 ஓமுக்குப் பின்னால்.

தங்கச்சி, உங்கள் தவறு முதல் அடியிலேயே இருக்கு. 2 ஓமும் 4 ஓமும் ஒரே கோட்டில் வரைந்திருப்பதால் தொடரிணைப்பு ஆகிவிடாது. 2 ஓமில் போகும் மின்னோட்டம் முழுவதும் 4 ஓமுக்குள் போனால்தான் தொடர். நடுவிலேயே 8 ஓம் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுது.

போட்டோவைப் போனிலேயே எடிட்டில் திறந்து கலர் பேனாவால் கம்பிகளை மட்டும் தீட்டுங்க. பிளஸ்ஸிலிருந்து 2 ஓம் வரை சிவப்பு. மின்தடையைத் தாண்டினால் நிறம் மாறணும், அதனால் 2 ஓமுக்கு அடுத்து நீலம். 8 ஓமுக்கு இறங்கும் கம்பியும் அதே நீலம். 4 ஓமைத் தாண்டினால் பச்சை. அடிக்கோடு, அந்தக் குறுக்குக் கம்பி எல்லாம் மைனஸோடு சேர்வதால் கறுப்பு. இனி படத்தின் வடிவத்தை மறந்துவிட்டு நிறத்தை மட்டும் பாருங்க. 12, 6 இரண்டும் பச்சை-கறுப்பு, அதனால் அவை பக்க இணைப்பு. 8 ஓம் நீலம்-கறுப்பு, அது தனி.

பேட்டரியிலிருந்து தூரமாக இருக்கும் முனையிலிருந்து சுருக்கிக்கொண்டு வாங்க:

```
12 || 6 = 72/18 = 4 Ω
4 + 4   = 8 Ω
8 || 8  = 4 Ω
4 + 2   = 6 Ω
I = 12/6 = 2 A
```

சரிபார்க்கத் திரும்பிப் போங்க. 2 ஓமில் 4 வோல்ட் குறையுது, நீலத்தில் மிச்சம் 8 வோல்ட். 8 ஓம் 1 ஆம்பியர் எடுக்குது, 4 ஓம் கிளையும் 1 ஆம்பியர். பச்சையில் 4 வோல்ட், அதனால் 12 ஓமில் 0.33, 6 ஓமில் 0.67. இரண்டும் கூடினால் அதே 1 ஆம்பியர். உங்கள் 2.7-ஐ வைத்து இப்படித் திரும்பிப் போனால், 8 ஓமுக்கு முழு 12 வோல்ட்டும் கிடைப்பதாக ஆகும். அது 2 ஓமுக்குப் பின்னால் இருக்கும்போது அப்படிக் கிடைக்க வழியில்லை.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்க. குறுக்குக் கம்பி நீலக் கம்பியைக் கடக்கும் இடத்தில் புள்ளி இருக்கா? இருந்தால் நீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும், 2 ஓமுக்குப் பிறகு எல்லாமே ஷார்ட். அப்போது விடை 12/2, அதாவது 6 ஆம்பியர்.

உசிலை ஐடிஐ
சார், இதே சுற்றை நேத்து போர்டில் போட்டேன். 2 ஓமுக்கு 2 ஆம்பியர்னா 8 வாட், கால் வாட் ரெசிஸ்டர் கருகிடும்னு கிலோ ஓமில் போட்டேன். கையில் கிடைச்சது 2.2, 3.9, 8.2, 12, 6.8. கரண்ட் 1.9 மில்லி ஆம்பியர் வருது, அது கணக்குக்குச் சரி. ஆனா சப்ளையைக் கழட்டிட்டு 12 கே மேல மீட்டர் வச்சா 3.2 கே காட்டுது. பட்டை பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சுதான். ரெசிஸ்டர் போயிடுச்சா?

பழங்காநத்தம் பிசிக்ஸ்
ரெசிஸ்டர் நல்லாத்தான் இருக்கு. மீட்டர் பார்ப்பது 12 கே-யை மட்டும் இல்லை. அதோடு 6.8 கே பக்கத்தில் இருக்கு. 3.9, 8.2 இரண்டும் தொடராகி 12.1 கே-யாக இன்னொரு பக்கம் சுத்தி வருது. சப்ளை இல்லாததால் 2.2 கே-யின் ஒரு முனை அந்தரத்தில் நிக்குது, அது கணக்கில் வராது. மூன்றையும் பக்க இணைப்பாகப் போட்டால் 3.19 கே. உங்கள் மீட்டர் சொன்னது அதைத்தான். 12 கே-யின் ஒரு காலைப் போர்டிலிருந்து தூக்கிவிட்டு அளந்து பாருங்க. மொத்த மின்தடை வேணும்னா சப்ளை இருந்த இரண்டு முனையில் வைங்க, 6.3 கே பக்கம் வரும். சப்ளை இணைப்பில் இருக்கும்போது ஓம் ரேஞ்சில் வைக்க வேண்டாம். காட்டுவது தப்பாக இருக்கும், மீட்டருக்கும் ஆபத்து.

உசிலை ஐடிஐ
கால் தூக்கிட்டு வச்சேன், 11.8 கே. நன்றி சார்.

திருமங்கலம் பிளஸ் டூ
கலர் தீட்டினதும் புரிஞ்சிடுச்சு சார். ஆனா கடக்கும் இடத்தில்தான் மடிப்பு விழுந்திருக்கு. கறுப்பா ஏதோ இருக்கு, புள்ளியா நிழலான்னு தெரியலை.

மேலூர் லெவன்த் பி
ஷார்ட் வச்சு டெஸ்ட்ல கேப்பாங்களா? இருக்காது. 2 ஆம்பியர்தான்.

பழங்காநத்தம் பிசிக்ஸ்
கேட்பாங்க தம்பி, அடிக்கடி கேட்பாங்க. ஐந்து மின்தடை கொடுத்துவிட்டு நான்கைச் சும்மா ஆக்குவது பழைய உத்தி. அதை வைத்து முடிவு செய்ய முடியாது. படத்தைப் பெரிதாக்கி, 2 ஓமுக்கும் 4 ஓமுக்கும் நடுவில் உள்ள சந்திப்போடு ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே உருண்டையாகப் புள்ளி வைத்திருந்து, இங்கேயும் அதே அளவில் உருண்டையாக இருந்தால் இணைப்பு. புள்ளி இல்லாமல் கடந்தால் ஒட்டவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளணும்.

திருமங்கலம் பிளஸ் டூ
அங்கே உருண்டையா இருக்கு. இங்கே நீளவாக்கில், மடிப்போட திசையிலேயே இருக்கு சார்.

பழங்காநத்தம் பிசிக்ஸ்
அப்படின்னா நிழலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், 2 ஆம்பியர் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனாலும் அந்த நிழலுக்கு அடியில் ஒரு சின்னப் புள்ளி மறைந்திருக்கலாம். தாள் திருத்தி வந்ததும் அந்த இடத்தை மட்டும் கிட்ட வைத்து, மடிப்பை விரித்து, இன்னொரு போட்டோ போடுங்க.