பில் டிஸ்கவுண்டிங்: பார்ட்டி நோட்டீஸில் கையெழுத்துப் போட மறுக்கிறார்

கோவையில் பம்ப் உதிரிபாகங்களுக்கு லேத் வேலை செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. எங்களிடம் சரக்கு வாங்கிய பார்ட்டிக்கு 8 லட்ச ரூபாய் பில், 90 நாள் கெடு. ஒரு நிதி நிறுவனம் 80 சதவீதம், அதாவது 6,40,000 முன்பணம் தருகிறது. ஆண்டு வட்டி 18 சதவீதம், செயலாக்கக் கட்டணம் 8,000. 90 நாளுக்கு வட்டி மட்டும் சுமார் 28,400. சரி, அது தாங்கும்.

சிக்கல் ரெக்கோர்ஸ் பிரிவில். கெடு முடிந்து 30 நாளில் பார்ட்டி பணம் கட்டாவிட்டால், காரணம் எதுவானாலும் பில்லை நாங்களே திரும்ப வாங்க வேண்டும். அதோடு, பணத்தை இனி நிதி நிறுவனத்தின் கணக்கில் கட்டச் சொல்லும் நோட்டீஸைப் பார்ட்டி கையெழுத்திட்டு ஏற்க வேண்டுமாம். பார்ட்டியின் கணக்குப் பிரிவு இரண்டு வாரமாக மறுக்கிறது. நாங்கள் நொடித்துவிட்டோம் என்று நினைக்கிறார்களோ என்னவோ!

ரெக்கோர்ஸ் இல்லாமல் கேட்டுப் பார்த்தேன். வட்டி கூடும், தரத் தகராறு வந்தால் அப்போதும் பொறுப்பு எங்களுடையதே என்றார்கள். சிறு நிறுவனங்களின் பில்லுக்கு ஆன்லைனில் முன்பணம் கிடைக்கும் டிரெட்ஸ் தளத்தில் பார்ட்டி சேரவில்லை. அவர்கள் விற்றுமுதல் 250 கோடிக்குள் என்பதால் கட்டாயமும் இல்லை.

பார்ட்டியின் கையெழுத்துக்குப் பதில், டெலிவரிச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய நோட்டீஸே போதும் என்று யாராவது ஒப்பந்தத்தை மாற்றி வாங்கியிருக்கிறீர்களா?