டீசல் 210 டிகிரியிலேயே பற்றுமாம், அப்போ பெட்ரோலைவிட அதுதான் ஆபத்தா?

செந்தில்: எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் தகரக் கூரை போட்டது. ஆயில் இன்ஜினுக்கு 35 லிட்டர் டீசல் கேன், மருந்து அடிக்கிற மெஷினுக்கு 5 லிட்டர் பெட்ரோல், ரெண்டும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழேதான் இருக்கிறது. இக்னிஷன் டெம்பரேச்சர் டீசலுக்கு 210 டிகிரி சுமார், பெட்ரோலுக்கு 250க்கு மேல் என்று படித்தேன். அப்படியென்றால் டீசலைத்தானே வெளியே வைக்க வேண்டும்?

பாண்டி: டீசல் ஒன்றும் செய்யாது தம்பி. வாளியில் ஊற்றித் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

மாலதி: எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் திடீரென்று குப்பென்று எரிகிறது, திரியை மாற்றினால் சரியாகுமா?

ரவிக்குமார் (எண்ணெய்க் கிடங்கில் 20 வருடம்): செந்தில், நீங்கள் பார்த்த எண் பொறியே இல்லாமல் சூட்டில் தானாகப் பற்றுவதற்கானது. உங்கள் ரூமில் 210 டிகிரி சூடு இன்ஜின் சைலன்சரில்தான் வரும், டீசல் ட்யூப் ஒழுகி அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்பதற்குப் பார்க்க வேண்டியது பிளாஷ் பாயின்ட், அதாவது எவ்வளவு சூட்டில் பொறி பட்டால் பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்புகிறது என்பது. பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரி பக்கம், அதனால் மார்கழிக் குளிரிலும் மூடி லேசாக இருந்தால் போதும், காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு பரவி நிற்கும், ஸ்டார்ட்டர் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் உள்ளே பொறி வரும். பெட்ரோலை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

பாண்டி அண்ணே, நீங்கள் பார்த்தது உண்மைதான், ஆனால் அன்றைக்கு டீசல் குளிர்ந்திருக்கும். நம் ஊர் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தர அளவு குறைந்தது 35 டிகிரி என்றுதான் இருக்கிறது. வருவது பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும், இருந்தாலும் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு வந்துவிடும். டீசல் ஊறின சாக்கு, துணி எல்லாம் திரி மாதிரி, குளிரிலும் பற்றும்.

மாலதி அக்கா, திரியை விடுங்கள், முதலில் ஸ்டவ்வைப் பற்றவைக்காதீர்கள். அந்த மண்ணெண்ணெய் எந்தக் கேனில் வந்தது?

மாலதி: வண்டிக்குப் பெட்ரோல் வாங்கின கேன்தான், கவிழ்த்து வடித்துவிட்டுத்தான் ஊற்றினார்கள்.

ரவிக்குமார்: அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடியில் தங்கின கொஞ்சம் பெட்ரோலே மண்ணெண்ணெயின் பிளாஷ் பாயின்டைச் சட்டென்று இறக்கிவிடும், அப்புறம் டேங்குக்குள் இருக்கிற ஆவியே பற்றும். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், மண்ணெண்ணெய் வாசமே தூக்கலாக இருக்கும்.

செந்தில்: பெட்ரோலை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டேன். டீசலை ஸ்டார்ட்டரிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்க?

பாண்டி: 10 அடி போதும்.

ரவிக்குமார்: அடிக்கணக்கு நான் சொல்ல மாட்டேன், ரூமைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தரையோரம் காற்று போக வழி இருக்கிறதா? அப்புறம் மரத்தடியில் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று பாருங்கள், கேன் உப்புகிறதென்றால் அந்த இடமும் சரியில்லை.