ஸ்னாப் ஃபிட் கொக்கிக்கு என்ன சொல் போடலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

உப்புவெளி ஆசிரியர்:
வணக்கம். தொழினுட்பவியல் பிள்ளைகளுக்கான செய்முறைத் தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். கடல்நீர் வெப்பநிலை அளக்கும் கருவிக்கு முப்பரிமாண அச்சில் பெட்டி செய்கிறோம். மூடி ஆணியில்லாமல் டக்கென்று பூட்டிக்கொள்ளும், திறக்கவும் முடியும். அந்தக் கொக்கிக்குச் சொல் தேவை. 'சொடுக்குத் தாழ்' என்று போட்டேன், பிள்ளைகள் மவுஸ் சொடுக்கா சேர் என்று கேட்கிறார்கள். இன்னொரு தொல்லை, ஏழெட்டுத் தரம் திறந்ததும் கொக்கி அடியோடு முறிந்துவிடுகிறது.

மட்டக்களப்பு ஐயா:
சொடுக்கை எடுத்துவிடுங்கள் தம்பி, 'தாழ்' போதும். 'அடைக்குந்தாழ்' என்று குறளில் நிற்கும் சொல். அதன் சோடி நாதாங்கி. நா என்பது தாழின் நாக்கு, அதைத் தாங்குவது நாதாங்கி. உங்கள் பெட்டியிலும் ஒரு நாக்கும் அது விழுகிற குழியும்தானே இருக்கின்றன? ஈராயிரம் ஆண்டுச் சொல்லை வைத்துக்கொண்டு புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

கிண்ணியா அண்ணை:
எங்கள் வள்ளத்து பற்றரிப் பெட்டிக்கு எவர்சில்வர் கிளிப்தான் போட்டோம், உப்புக் காற்றுக்கும் இரண்டு வருசமாக நிற்கிறது. பிளாஸ்டிக் என்றால் தடிப்பைக் கூட்டுங்கள். மெல்லிசாக இருந்தால் முறியத்தான் செய்யும்.

திருகோணமலை நகரிலிருந்து, அச்சுவேலை செய்யும் அக்கா:
அண்ணை, இழுத்துப் பிய்க்கும் விசைக்கு நீங்கள் சொல்வது சரி. இது வளைந்து முறிகிறது, அதற்குத் தடிப்பு எதிரி. சேர், முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சீப்புப் பல்போல நேர்வரிகளோடு தட்டையாக இருந்தால் அச்சுப் படைகள் பிரிந்திருக்கின்றன. வெளிறிக் கரடுமுரடாக இருந்தால் பிளாஸ்டிக்கே தாங்கவில்லை. நீளம், தடிப்பு, கொக்கி எவ்வளவு வளையவேண்டும் என்ற மூன்றையும் எழுதுங்கள்.

உப்புவெளி ஆசிரியர்:
நேர்வரிதான், கண்ணாடிபோல மினுங்குகிறது. பெட்டியை நிமிர்த்தி வைத்து அச்சிட்டோம். நீளம் 10 மி.மீ., தடிப்பு 2, வளைவு 1.5. பிளாஸ்டிக் பிஎல்ஏ.

அக்கா:
அப்போ இரண்டு பிழை. நிமிர்த்தி அச்சிட்டால் படைகள் கொக்கிக்குக் குறுக்கே வரும், வளைக்கும்போது அடியில் ஒரு படையை மற்றதிலிருந்து உரிப்பதுபோல் ஆகிவிடும். கொக்கியைத் தனியாகப் படுக்கவைத்து அச்சிட்டுப் பெட்டியில் செருகுங்கள், இழைகள் நீளவாக்கில் ஓடும். இரண்டாவது கணக்கு. அடியில் வரும் விகாரம், அதாவது வளையும்போது அங்கே பிளாஸ்டிக் தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்பது:

```
ε = 3·t·y / (2·L²)
```

t தடிப்பு, y வளைவு, L நீளம். உங்களுடையது 0.045, அதாவது நூற்றுக்கு நாலரை. திரும்பத் திரும்பத் திறக்கும் பிஎல்ஏக்கு இது மிக அதிகம். நீளத்தை 16 ஆக்கி, தடிப்பை 1.6, வளைவை 1.2 ஆக்கினால் 1.1 சதவீதத்துக்கு இறங்கும். நீளம் வர்க்கமாக வருவதால் அதைக் கூட்டுவதில்தான் லாபம். அடி மூலையைக் கூராக விடாமல், தடிப்பில் பாதியளவு ஆரத்தில் உருட்டிவிடுங்கள்.

அப்புறம், ஐயா, இதனால்தான் எனக்குத் தாழ் பிடிக்கவில்லை. தாழ் நகரும், வளையாது. தாழ் என்று படித்த பிள்ளை அதைத் தடித்த கட்டையாகத்தான் வரையும். எங்கள் பக்கம் சட்டையைக் கொளுவுகிறோம், கொக்கியில் கொளுவுகிறோம். 'வில்கொளுவி' என்றால் வளைந்து திரும்புவதும் தெரியும், மாட்டுவதும் தெரியும்.

ஐயா:
'கொள்' என்ற வேர்தான், மறுக்கவில்லை. கொளுக்கியும் அதிலிருந்து வந்ததுதான், அதையே வைக்கலாமே? வில் என்று சேர்த்தால் சுருள்வில் நினைவுக்கு வரும். அங்கே சுருள்வில் எங்கே இருக்கிறது?

கிண்ணியா அண்ணை:
கொளுவி நல்லாயிருக்கு. என் பற்றரிப் பெட்டிக்கும் அதையே சொல்லலாம்.

உப்புவெளி ஆசிரியர் (வியாழன் இரவு):
படுக்கவைத்து அச்சிட்டோம். பிள்ளைகள் மாறி மாறி 60 தரம் திறந்து மூடினார்கள், முறியவில்லை. ஆனால் மூடியபடி வெயிலில் வைத்த பெட்டி அடுத்த நாள் தொளதொளவென்று ஆடுகிறது.

அக்கா:
மூடியிருக்கும்போதும் கொளுவி கொஞ்சம் வளைந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பிஎல்ஏ அந்த வளைவுக்கே மெல்ல இசைந்துவிடும், சூடு ஏற ஏற இன்னும் விரைவாக. 60 பாகையை நெருங்கினால் இளகும். மூடியதும் கொளுவி நேராக நிற்கும்படி குழியைச் சற்று அகலமாக்குங்கள். வெளியில் வைக்கிற பெட்டிக்கு பிஈடிஜி பிளாஸ்டிக் நல்லது.

உப்புவெளி ஆசிரியர்:
மூடியபடியே வளைந்துதான் நிற்கிறது, குழியை அகலமாக்கி மறுபடி அச்சுக்குப் போட்டிருக்கிறேன். தாளில் 'வில்கொளுவி' போகிறது, அது விழுகிற குழிக்கு ஐயாவின் 'நாதாங்கி'. மூன்று பேர் சரி என்றார்கள்.

ஐயா:
நாதாங்கி இருக்கும் இடத்தில் நா இல்லாமல் எப்படித் தம்பி? அடுத்த பதிப்பில் 'வில்நா' என்று மாற்ற இடம் விட்டு வையுங்கள்.