ஹெம் டேப் ஒரே துவைப்பில் பிரிந்துவிட்டது, அவசர உதவி தேவை

மழைக்கால_மாலை: நாளை மறுநாள் நேர்காணல். பேன்ட் நீளமாக இருந்ததால் கால் மடிப்பில் ஹெம் டேப் வைத்து அயர்ன் செய்தேன். நன்றாகத்தான் ஒட்டியது. ஒரு தடவை துவைத்ததும் ஒரு கால் முழுக்கப் பிரிந்துவிட்டது, இன்னொன்று பாதி. தைக்கத் தெரியாது. என்ன செய்யலாம்?

நூலிழை: என்ன துணி? டேப்பில் காகிதம் இருந்ததா? அயர்ன் எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம்?

சூட்டுக்கோல்: சூடு போதவில்லை, அவ்வளவுதான். முழுச் சூட்டில் வைத்து நன்றாக அழுத்துங்கள். எனக்கு எப்போதும் அப்படித்தான் நிற்கிறது.

பழைய_கத்தரி: துணியின் பெயர்கூடச் சொல்லாமல் உதவி கேட்டால் எப்படி? டேப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருந்தாலே இந்தக் கேள்வி வந்திருக்காது. காகிதத்தை உரிக்காமல் மடித்திருப்பீர்கள்.

மழைக்கால_மாலை: காகிதம் இல்லாத டேப், மெல்லிய வலை மாதிரி இருக்கும். லேபிளில் பாலியஸ்டர் 65, விஸ்கோஸ் 35 என்று இருக்கிறது. துணி கருகிவிடுமோ என்று சில்க் குறியில் வைத்து, வழக்கம்போல் முன்னும் பின்னும் தேய்த்தேன்.

நூலிழை: அந்தத் தேய்த்ததில்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். பெட்டி நகர்ந்துகொண்டே இருந்தால் எந்த இடத்திலும் பசை முழுதாக உருகாது. மேலே பட்ட சூடு அடித்துணி வரை போய்ச் சேரவும் நேரம் வேண்டும். பிரிந்த மடிப்பை விரித்துப் பாருங்கள். டேப் இன்னும் வலையாகவே தெரிந்தால் உருகவே இல்லை. ஒரு பக்கத் துணியில் மட்டும் வழவழப்பான படலமாகப் படிந்திருந்தால், பசை உருகியிருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கத் துணி அதைப் பிடிக்கவில்லை.

ஊசிமுனை: என் மகனின் ஜீன்ஸ் முழங்காலில் அயர்ன் பேட்ச் ஒட்டினேன், ஓரம் தூக்கிக்கொண்டே இருக்கிறது. அதுவும் இதே காரணமா?

நூலிழை: முழங்கால் ஒவ்வொரு தடவையும் மடங்கும், அதனால் கூர்மூலைதான் முதலில் எழும்பும். அடுத்த பேட்ச்சின் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். அப்புறம் ஜீன்ஸை உட்பக்கம் திருப்பி அங்கிருந்தும் ஒருமுறை அழுத்துங்கள்.

சூட்டுக்கோல்: இவ்வளவு எதற்கு? இரண்டு சொட்டு சூப்பர் க்ளூ போதும், பேன்ட்டோ ஜீன்ஸோ.

பழைய_கத்தரி: தயவுசெய்து வேண்டாம். சூப்பர் க்ளூ பருத்தியில் பட்டால் வேகமாக வினைபுரிந்து சூடாகும், புகையும் வரும், கை வெந்துபோகும். காய்ந்தபின் கண்ணாடி மாதிரி விறைத்து, மடங்கும் இடத்தில் உடைந்துவிடும்.

சூட்டுக்கோல்: என் ஷூவில் இரண்டு வருடமாக நிற்கிறதே.

பழைய_கத்தரி: ஷூவை யாரும் வாரா வாரம் துவைப்பதில்லை.

ஊசிமுனை: அப்படியென்றால் துணிக்கென்றே விற்கும் ஃபேப்ரிக் க்ளூ?

நூலிழை: அது சரி, காய்ந்த பிறகும் வளையும். ஆனால் தொட்டுப்பார்த்துக் காய்ந்துவிட்டது என்று துவைக்கக் கூடாது. பலவற்றுக்கு ஒரு முழு நாளாவது வேண்டும், சிலவற்றுக்கு இன்னும் அதிகம். மெல்லிய துணியில் வெளிப்பக்கம் ஊறி, கறைபோல் நிற்கவும் செய்யும். நாளை மறுநாள் நேர்காணல் உள்ளவருக்கு ஹெம் டேப்பே நல்லது.

மழைக்கால_மாலை: பார்த்தேன். பிரிந்த காலில் வலை அப்படியே இருக்கிறது. பாதி ஒட்டிய காலில் அங்கங்கே மட்டும் படலமாக இருக்கிறது.

நூலிழை: நல்லது, துணியில் குறை இல்லை. வலையாக இருப்பதை உரித்துவிட்டுப் புது டேப்பை மடிப்புக்கு உள்ளே முழுதாக மறையும்படி வையுங்கள். வெளியே நீட்டினால் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஈரத்துணி போட்டு, கம்பளிக் குறியில் ஓர் இடத்தில் 10 முதல் 15 விநாடி அசைக்காமல் அழுத்துங்கள். ஈரத்தில் எழும் ஆவிதான் சூட்டை உள்ளே கொண்டுபோகும். அப்புறம் பெட்டியைத் தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள், இழுக்காதீர்கள். பேன்ட்டைத் திருப்பி வெளிப்பக்கமும் ஈரத்துணியோடு அழுத்துங்கள். ஆறும்வரை தொடக்கூடாது. ஆறும்போதுதான் பசை இறுகும். முதலில் உட்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துவிடுங்கள். சூட்டுக்கோல் சொன்ன முழுச் சூட்டை நேரடியாக வைத்தால் பாலியஸ்டர் பளபளத்துவிடும், அது திரும்பப் போகாது.

சூட்டுக்கோல்: என் பேன்ட் எல்லாம் பருத்தி. பாலியஸ்டர் என்று அப்போது தெரியாது.

ஊசிமுனை: மழைக்கோட்டுக்கும் இதே முறைதானா?

பழைய_கத்தரி: தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும் துணியில் பசையும் சரியாகப் பிடிக்காது. ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

மழைக்கால_மாலை: ஒரு கால் முடிந்தது, இழுத்தாலும் வரவில்லை. இன்னொன்றில் பழைய படலத்தின் மேலேயே புது டேப் வைக்கலாமா?

நூலிழை: படலம் மெல்லியதாக இருந்தால் வைக்கலாம். கெட்டியாக இருந்தால் ஈரத்துணி போட்டுச் சூடாக்கி, இளகியதும் சுரண்டிவிடுங்கள்.

பழைய_கத்தரி: எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் நான் சுரண்டிவிட்டுத்தான் ஒட்டுவேன்.