பார்வதீபரமேச்வரௌ: சந்தம் சொல்லைப் பிரிக்குமா?

சீர்பிரிப்பான்:
காளிதாசனின் ரகுவம்சம் ‘வாகர்தாவிவ ஸம்ப்ருக்தௌ வாகர்தப்ரதிபத்தயே, ஜகத: பிதரௌ வந்தே பார்வதீபரமேச்வரௌ’ என்று தொடங்குகிறது. இதன் கடைசித் தொகைச் சொல்லைப் பார்வதியும் பரமேச்வரனும் என்று பிரித்துப் பொருள் சொல்வது பரம்பரைப் பிழை என்று கருதுகிறேன். மெய்யை எண்ணாமல் எட்டெழுத்தாக நிற்கும் அடியை நடுவில் வெட்டினால் ‘பார்வதீப’ என்று நான்கும் ‘ரமேச்வரௌ’ என்று நான்குமாக இம்மியும் பிசகாமல் நிற்கின்றன. பார்வதியைக் காப்பவன் சிவன், ரமைக்கு ஈச்வரன் திருமால். கவி வணங்கியது அவ்விருவரையே. சந்தமே இதைச் சொல்லும்போது உரைகாரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மறுப்பவர்கள் சந்தத்தைக் கொண்டு மறுக்கட்டும்.

கோமதி:
ஐயா, சந்தத்தைக் கொண்டே மறுக்கிறேன். நான்காம் அடியை வெட்டிய அதே கத்தியை மற்ற மூன்று அடிகளிலும் வைத்துப் பாருங்கள். முதலடி ‘வாகர்தாவி / வ ஸம்ப்ருக்தௌ’ என்றாகி, ‘போல’ என்று பொருள்படும் ‘இவ’ என்னும் சின்னஞ்சிறு சொல் இரு துண்டாகிறது. இரண்டாம் அடி ‘வாகர்தப்ர / திபத்தயே’ என்றாகி, ‘ப்ரதி’ என்னும் முன்னொட்டு நடுவில் அறுபடுகிறது. மூன்றாம் அடியில் ‘ஜகத: பி / தரௌ வந்தே’ என்று பெற்றோரையே பிரித்துவிடுகிறீர்கள். இச்செய்யுள் அநுஷ்டுப். அதில் ஐந்தாம் எழுத்து லகு என்னும் குறுகிய ஓசை, ஆறாவது குரு என்னும் நீண்ட ஓசை, ஏழாவது எழுத்து முதலாம் மூன்றாம் அடிகளில் குரு, இரண்டாம் நான்காம் அடிகளில் லகு என்பதே காதில் விழும் கட்டு. நான்காம் எழுத்துக்குப் பின் நிறுத்தம் வேண்டும் என்று அந்த யாப்பு எங்கும் கேட்கவில்லை.

வழிப்போக்கன்:
மூன்று கால் ஒடிந்த நாற்காலியின் நான்காம் காலைக் காட்டி விற்கப் பார்க்கிறார் சீர்பிரிப்பான். சென்ற ஆண்டு வெண்பா இழையில் தளை தட்டியதை ‘புதுமை’ என்று வாதிட்டவரும் இவர்தாம் என்பது சிலருக்கு நினைவிருக்கலாம்.

சீர்பிரிப்பான்:
வெண்பா இழையில் தட்டியது தளை அன்று, வழிப்போக்கனின் செவி. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கோமதி அம்மா, தமிழ் யாப்பில் வகையுளி என்று ஒன்று உண்டு. சீருக்காகச் சொல்லை அறுப்போம், அதனால் சீரே இல்லை என்று சொல்லிவிடுவதில்லை. முதல் மூன்று அடிகளில் நிகழ்ந்தது வகையுளி, நான்காவதில் நிகழ்ந்தது கவியின் நோக்கம். மேகதூதத்தைப் பாருங்கள்: ‘கச்சித் காந்தா / விரஹகுருணா / ஸ்வாதிகாராத் ப்ரமத்த:’. பதினேழு எழுத்தில் நான்கு, ஆறு, ஏழு என்று நிறுத்தம் விழுகிறது. ‘காந்தாவிரஹகுருணா’ என்னும் நீண்ட தொகையைச் சரியாகக் ‘காந்தா’வுக்குப் பின் பிரித்துக் கொடுப்பதும் அந்த நிறுத்தந்தானே? அங்கே பிரிக்கும் சந்தம் இங்கே மட்டும் ஊமையா? நான்காம் அடி நான்கும் நான்குமாக நிற்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

கோமதி:
மேகதூத எடுத்துக்காட்டு நல்லது. அது தங்களுக்கு எதிராகவே பேசுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மேகதூதத்தின் யாப்பாகிய மந்தாக்ராந்தாவில் அந்த நிறுத்தம் யாப்பின் உறுப்பு. ஒவ்வோர் அடியிலும் அதே இடத்தில் வர வேண்டும், வருகிறது. அடுத்த அடியில் ‘சாபேநாஸ்தம் / கமிதமஹிமா’ என்று மீண்டும் தொகையின் மூட்டிலேயே விழுகிறது. ஆகவே அங்கே காது கொடுப்பது முறை. அநுஷ்டுப்பில் இல்லாத நிறுத்தத்தை ஓரடியில் மட்டும் உண்டாக்கி, மற்ற மூன்றையும் வகையுளி என்று தள்ளினால், சந்தம் தங்களிடம் பேசவில்லை. தாங்கள் விரும்பியதைச் சந்தத்தின் வாயில் வைக்கிறீர்கள்.

நிறுத்தம் உள்ள அதே மேகதூத அடியிலும் சந்தம் எவ்வளவு தூரம் உதவும் என்று பாருங்கள். பதிப்புகளில் ‘ஸ்வாதிகாராத் ப்ரமத்த:’ என்று தனித்தனிச் சொற்களாகவும் பாடம் உண்டு, ‘ஸ்வாதிகாரப்ரமத்த:’ என்று ஒரே தொகையாகவும் பாடம் உண்டு. ‘ராத்’ இயல்பிலேயே குரு. மற்றப் பாடத்தில் ‘ர’ குறிலாக இருந்தாலும், பின்னால் ‘ப்ர’ என்ற கூட்டெழுத்து வருவதால் அதுவும் குருவாகிறது. தட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே ஓசை. எது கவியின் பாடம் என்பதை இலக்கணத்தைக் கொண்டோ ஏட்டைக் கொண்டோ வாதிடலாம், தாளத்தைக் கொண்டு வாதிட முடியாது.

தங்கள் சொல்லிலும் இதுவே நிகழ்கிறது. ‘பரம’ என்பதோடு ‘ஈச்வர’ சேர்ந்தாலும் ‘மே’, ‘ரமா’ என்பதோடு ‘ஈச்வர’ சேர்ந்தாலும் ‘மே’. அகரமோ ஆகாரமோ, ஈகாரத்தோடு புணர்ந்தால் ஏகாரமாகிவிடுகிறது. முன்னிருந்தது குறிலா நெடிலா என்ற தடயத்தைப் புணர்ச்சி அழித்துவிட்டது. இருவர் பிரிப்பிலும் எட்டு எழுத்தும் குரு, லகு, குரு, லகு, லகு, குரு, லகு, குரு என்று ஒரேபடியாக ஒலிக்கும்போது, இரண்டில் ஒன்றைச் சந்தம் எப்படித் தேர்ந்தெடுக்கும்?

மணவோலை:
பெரியவர்கள் நடுவில் புகுவதற்குப் பொறுக்க வேண்டும். நான் அழைப்பிதழ் அச்சிடுபவன். இதே சுலோகத்தை ஒரு திருமண அழைப்பிதழின் தலைப்பில் போட்டு நானூறு பிரதி அடித்துவிட்டேன். பெண்ணின் தாத்தா, ‘பார்வதிபரமேச்வரௌ’ என்று குறிலாக அடித்திருக்கிறாய், சந்தம் கெட்டுவிட்டது என்கிறார். தமிழில் பார்வதி என்றுதானே எழுதுகிறோம்? ஒரு சுழியால் என்ன கெட்டுவிடும்?

கோமதி:
தம்பி, தாத்தா சொல்வது சரி. ‘தி’ என்று குறிலாக்கினால் அடியின் இரண்டாம் எழுத்தாகிய ‘வ’வும் மூன்றாம் எழுத்தாகிய ‘தி’யும் அடுத்தடுத்து லகுவாகின்றன. இரண்டும் மூன்றும் சேர்ந்து லகுவாக வருவதை அநுஷ்டுப் எந்த அடியிலும் ஏற்பதில்லை. ‘பார்வதிபர’ என்று சொல்லிப் பாருங்கள், ‘பார்’ என்பதற்குப் பின் நான்கு குறில்கள் தடதடவென்று உருண்டு ஓடும். ‘தீ’ என்று நீட்டினால் அடி நிமிர்ந்து நிற்கும். பதிப்பில் விழுந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சந்தம் உதவுவது இப்படித்தான்.

சீர்பிரிப்பான்:
இப்போது அம்மாவின் வாயிலிருந்தே வந்துவிட்டது! சந்தம் பிழையைக் கண்டுபிடிக்குமாம், பிரிப்பைக் கண்டுபிடிக்காதாம். தாத்தாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.

கோமதி:
சந்தம் எழுத்தின் அளவைக் காட்டும், சொல்லின் எல்லையைக் காட்டாது. துணியை முழம் போட்டுப் பார்த்தால் எத்தனை முழம் என்று தெரியும், நெய்தவர் யார் என்று தெரியாது.

எல்லையை அறிய வேண்டுமானால் செய்யுளின் மற்றச் சொற்களைக் கேட்க வேண்டும். சொல்லும் பொருளும் போல இணைந்தவர்கள் என்பது உவமை. ‘வாக்’ முதலில், ‘அர்த்தம்’ அடுத்து. அதே வரிசையில் பார்வதி முதலில், பரமேச்வரன் அடுத்து. ‘பிதரௌ’ என்னும் இருமைச் சொல்லுக்குத் தாயும் தந்தையும் என்று பொருள் கொள்ளப் பாணினியின் ‘பிதா மாத்ரா’ என்னும் சூத்திரம் இடம் தருகிறது. மல்லிநாதர் தாய் என்ற உயர்வாலும் எழுத்துக் குறைவாலும் பார்வதியின் பெயர் முன்னே நிற்கிறது என்று உரை எழுதினார். அவர் காதைப் பொத்திக்கொண்டவராகத் தெரியவில்லை.

சீர்பிரிப்பான்:
அந்தச் சூத்திரம் தாயையும் தந்தையையும் ‘பிதரௌ’ என்று சொல்லலாம் என்கிறதே தவிர, அப்படி மட்டுமே சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு தந்தையர் என்றாலும் அதே ‘பிதரௌ’தான். வாக் பெண்பால் ஆகவே பார்வதி என்று அடுத்து வருவீர்கள். ‘வாகர்தௌ’ என்று தொகையானவுடன் அது ஆண்பால் வடிவமாகிவிடுகிறது. ஆகவே அந்தக் கதவும் அடைபட்டது.

வழிப்போக்கன்:
அவர் முதன்முறையாக ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன்.

கோமதி:
‘பிதரௌ’ பற்றிச் சொன்னது சரியே. நான் அதை மறைக்கவில்லை, ‘இடம் தருகிறது’ என்றுதான் எழுதினேன். பால் பற்றிய வாதத்தை நான் எழுதவே இல்லை, தாங்களே எழுப்பித் தாங்களே வீழ்த்தியிருக்கிறீர்கள். இலக்கணப்படி ‘பார்வதீப’ என்பதும் ‘ரமேச்வர’ என்பதும் குற்றமற்ற சொற்கள். நம் பிரிமொழிச் சிலேடையைப் போல அந்தப் பிரிப்பை அவையில் சொல்லி மகிழ்ந்தவர்கள் உண்டு. கவி அதையும் உள்ளே வைத்தானா என்று என்னால் அறுதியிட முடியாது. ஆயினும் உலகுக்கு இரண்டு தந்தையர் என்று கேட்பவனுக்குத் தோன்றுவதற்கு முன், தாயும் தந்தையும் என்பதே தோன்றும். அதைத் தாண்டிச் செல்ல வேறு வலுவான காரணம் வேண்டும். எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு என்பது அந்தக் காரணம் ஆகாது.

சீர்பிரிப்பான்:
ஆயிரம் சொன்னாலும் நான்காம் அடி நான்கும் நான்குமாக நிற்கிறது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

கோமதி:
யார் மறுத்தார்கள்? ‘ஜகத: பி’ என்பதும் நான்கெழுத்துத்தான். அந்தப் ‘பி’ யார் என்று சொல்லிவிட்டு நான்காம் அடிக்கு வாருங்கள்.

சீர்பிரிப்பான்:
அது வகையுளி என்று முன்பே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுப் பேசவும்.

மணவோலை:
தாத்தா சொன்னபடி ‘தீ’ என்று திருத்தி மறுபடி அடித்தேன். எழுத்து அகன்றதால் சொல் ஒரு வரியில் அடங்கவில்லை. கணினி தானாகவே ‘பார்வதீப’ என்று மேல் வரியிலும் ‘ரமேச்வரௌ’ என்று கீழ் வரியிலுமாக உடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் பெயர் கார்த்திகேயன். கீழ்வரியைப் பார்த்துவிட்டு, இந்த ரமேஷ் யார் என்று பெண் வீட்டில் கேட்கிறார்கள்.

சீர்பிரிப்பான்:
கணினிக்குக்கூடப் புரிந்திருக்கிறது.

கோமதி:
தம்பி, எழுத்தின் அளவைச் சிறிது குறையுங்கள், ஒரே வரியில் அடங்கும்.